முதல் வாசிப்பிலேயே தீர்ப்பில் வண்ணமும் ஓரக்குறியும் இடுவது எப்படி? (சுருக்கம் எழுதுவோருக்காக)

மதுரை ஜூனியர்

அனைவருக்கும் வணக்கம். நான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஜூனியராக இருக்கிறேன். சீனியர் மாலையில் ஒரு தீர்ப்பைக் கொடுத்துவிட்டு, மறுநாள் காலைக்குள் அதை ஒரு பக்கத்தில் சுருக்கித் தரச் சொல்வது வழக்கம். வாசிப்பதில் எனக்குச் சிரமம் இல்லை. வாசித்து முடித்துச் சுருக்கம் எழுத உட்காரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. பக்கமெல்லாம் மஞ்சள் ஹைலைட்டர் பூசியிருந்தாலும், எது எதற்காகப் பூசப்பட்டது என்பது புரியாமல், மீண்டும் முதல் பத்தியிலிருந்து வாசிக்க வேண்டியதாகிறது.

இப்போது கையில் இருப்பது லலிதா குமாரி எதிர் உத்தரப் பிரதேச அரசு வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பர் 12 அன்று வழங்கிய தீர்ப்பு. எத்தனை வண்ணங்கள் போதும், ஓரத்தில் என்ன எழுத வேண்டும், இவற்றை முதல் வாசிப்பிலேயே செய்ய முடியுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

சிவப்பு மை

இதற்கு மூன்று வண்ணங்கள் போதும், தோழரே. மிக முக்கியமானதற்குச் சிவப்பு, முக்கியமானதற்கு மஞ்சள், தெரிந்துவைத்தால் நல்லது என்ற அளவில் உள்ளதற்குப் பச்சை. குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்த காலத்திலிருந்து இந்த முறையைத்தான் பின்பற்றுகிறேன். சுருக்கம் எழுதும்போது சிவப்பை மட்டும் வரிசையாக எடுத்து எழுதினால் வேலை முடிந்துவிடும். வண்ணத்தைக் கண் படும் கணத்திலேயே பூசிவிட வேண்டும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் திரும்ப வாசிக்க நேரும்.

தலைக்குறிப்புக்காரி

சிவப்பு மை அவர்கள் சொன்னதில் ஒரு பாதியை ஏற்கிறேன். வண்ணங்கள் குறைவாக இருக்க வேண்டும். குறியிடுவதைத் தள்ளிப்போடக் கூடாது. முக்கியத்துவத்தை வைத்து வண்ணம் பிரிப்பது மட்டும் தீர்ப்புக்கு ஒத்துவராது. சட்ட இதழ் ஒன்றில் தீர்ப்புகளுக்குத் தலைக்குறிப்பு எழுதும் வேலையை நெடுங்காலம் செய்தவள் என்ற முறையில் காரணத்தைச் சொல்கிறேன்.

முதல் முறை வாசிக்கும்போது எது முக்கியம் என்பது நமக்குத் தெரியாது. பத்தாவது பத்தியில் மிக வலுவாகத் தோன்றும் ஒரு வாதத்தை நீதிமன்றம் எண்பதாவது பத்தியில் ஒரே வரியில் தள்ளிவிடக் கூடும். அப்போது பத்தாவது பத்தியில் நாம் பூசிய சிவப்பு பொய்யாகிவிடும், ஆனால் காகிதத்தில் அப்படியே இருக்கும். அதே பத்தாவது பத்தி என்ன வேலை செய்கிறது என்பதோ, அதாவது நடந்ததைச் சொல்கிறதா, கேள்வியை வகுக்கிறதா, ஒரு தரப்பின் வாதத்தை எடுத்துரைக்கிறதா, நீதிமன்றத்தின் காரணத்தைச் சொல்கிறதா, முடிவைச் சொல்கிறதா என்பதோ, பெரும்பாலும் முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். ஆகவே வண்ணம் வேலையைக் காட்ட வேண்டும். சுருக்கத்தில் இருக்கப்போகும் பகுதிகளும் அவைதாம் என்பதால், வாசித்து முடிக்கும்போது சுருக்கத்தின் சட்டகம் தாளிலேயே நின்றுவிடும்.

நான் பயன்படுத்தும் வண்ணங்கள் நான்கு. நடந்தவற்றுக்கும் தேதிகளுக்கும் நீலம். நீதிமன்றம் தனக்கு முன் வைத்துக்கொண்ட கேள்விக்குப் பச்சை. நீதிமன்றம் தானே சொல்லும் காரணத்துக்கு மஞ்சள். முடிவுக்கும் உத்தரவுக்கும் இளஞ்சிவப்பு. வழக்குரைஞர்களின் வாதத்துக்கு வண்ணமே கிடையாது. புதிதாக வருபவர்கள் இதைத்தான் நம்ப மறுப்பார்கள், ஆனால் முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

வாதங்கள் முழுவதும் பென்சிலுக்கு உரியவை. இடது ஓரத்தில், யார் பேசுகிறாரோ அவருடைய பேச்சு நீளும் வரை ஒரு செங்குத்துக் கோடு இழுத்து, கோட்டின் தலையில் ஓர் எழுத்து எழுதுவேன். மனுதாரர் தரப்பு என்றால் ‘ம’, எதிர்த்தரப்பு என்றால் ‘எ’, முந்தைய தீர்ப்பிலிருந்து மேற்கோள் என்றால் ‘மு’, நீதிமன்றமே பேசுகிறது என்றால் ‘நீ’. இந்தக் கோடு இல்லாமல் வண்ணம் மட்டும் பூசுபவர்கள், தோற்ற தரப்பின் வாதத்தை நீதிமன்றத்தின் கருத்தாகச் சுருக்கத்தில் எழுதிவிடுவார்கள். தலைக்குறிப்பில் நான் திருத்திய பிழைகளில் மிகவும் மோசமானவை இந்த வகையைச் சேர்ந்தவையே.

சிவப்பு மை

அம்மா, நீங்கள் சொல்வது புரிகிறது. ஆனால் முடிவு எங்கே இருக்கிறது என்று கடைசிப் பக்கத்தை முதலில் பார்த்துவிட்டு வாசித்தால் எது முக்கியம் என்பதும் தெரிந்துவிடுமே?

தலைக்குறிப்புக்காரி

கடைசிப் பத்திகளை முதலில் பார்ப்பது நல்ல பழக்கம், நானும் பார்ப்பேன். அது முடிவைச் சொல்லும், ஆனால் அந்த முடிவுக்கு இழுத்துச் சென்ற காரணம் எது என்பதைச் சொல்லாது. இந்தத் தீர்ப்பிலேயே, முதல் தகவல் அறிக்கையைப் பதிவு செய்வது கட்டாயம் என்ற முடிவு கடைசியில் இருக்கிறது. அதற்குக் காரணம் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 154ஆம் பிரிவில் ‘தகவல்’ என்ற சொல் எந்த அடைமொழியும் இல்லாமல் நிற்பதுதான் என்பதை, நடுவில் உள்ள பத்திகளை வாசித்தால்தான் அறிய முடியும்.

மதுரை ஜூனியர்

மிக்க நன்றி, அம்மா. இடது ஓரக் கோடு உடனே புரிந்துவிட்டது. இந்தத் தீர்ப்பில் வாதங்களே பல பக்கங்களுக்குப் போகின்றன. ஒரே வாதத்தைப் பல வழக்குரைஞர்கள் வெவ்வேறு சொற்களில் சொல்கிறார்கள். அவற்றைச் சுருக்கத்தில் எப்படிக் கொண்டுவருவது? எல்லாவற்றையும் எழுதினால் பக்கம் தாங்காது. விட்டுவிட்டால் சீனியர் கேட்பார்.

கிணற்றடி

இந்தத் தீர்ப்பைப் பற்றிய பேச்சு என்பதால் கேட்கிறேன். எங்கள் மனையின் எல்லைக் கல்லைப் பிடுங்கிப் போட்டுவிட்டார்கள். புகார் கொடுத்தால் வாங்கி வைத்துக்கொண்டு, விசாரிக்கிறோம் என்று அனுப்பிவிடுகிறார்கள். ரசீதும் தரவில்லை. லலிதா குமாரி தீர்ப்பைக் காட்டினால் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டுமா?

தலைக்குறிப்புக்காரி

கிணற்றடி அவர்களே, இந்த இழை தீர்ப்பை வாசித்துக் குறிப்பெடுக்கும் முறையைப் பற்றியது. சட்ட ஆலோசனைப் பகுதியில் தனியாக எழுதினால் உரியவர்கள் பதில் சொல்வார்கள். ஒன்றை மட்டும் கவனத்தில் கொள்ளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறையில் உள்ளது. பழைய 154ஆம் பிரிவுக்கு ஈடானது அதில் 173ஆம் பிரிவு. அதன் மூன்றாம் உட்பிரிவு, மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனைக்குரிய குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளரின் முன் அனுமதியுடன் 14 நாள்களுக்குள் முதற்கட்ட விசாரணை செய்ய இடம் தருகிறது. ஆகவே 2013ஆம் ஆண்டுத் தீர்ப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு போக வேண்டாம்.

ஜூனியரின் கேள்விக்கு வருகிறேன். வாதங்களை வழக்குரைஞர் வாரியாக எண்ணினால் பக்கம் தாங்காது. வாதத்தின் பொருளை எண்ண வேண்டும். வலது ஓரம் அதற்குத்தான். புதிய வாதம் ஒன்று முதன்முதலில் தலைகாட்டும் இடத்தில் வலது ஓரத்தில் ‘வா1’ என்று எழுதி, பக்கத்தில் இரண்டு மூன்று சொற்களில் அதன் பெயரையும் எழுதுங்கள். வேறொரு வழக்குரைஞர் அதையே மீண்டும் சொன்னால் புதிய எண் கொடுக்காமல் மறுபடியும் ‘வா1’ என்று மட்டும் எழுதுங்கள். பிறகு நீதிமன்றம் அதற்குப் பதில் சொல்லும் இடத்தில், மஞ்சள் பூசிய வரிக்கு நேரே, ‘வா1’ என்று எழுதி அதைச் சுற்றி வட்டமிடுங்கள். வட்டமில்லாதது கேட்கப்பட்ட வாதம், வட்டமிட்டது பதில்.

லலிதா குமாரியில் இது எப்படி அமைகிறது என்று பாருங்கள். 154ஆம் பிரிவில் பதிவு செய்யப்பட ‘வேண்டும்’ என்று இருப்பதால் காவல் அதிகாரிக்கு விருப்புரிமை இல்லை என்பது ஒரு தரப்பின் வாதம், இது வா1. பொய்ப் புகாரிலும் முதல் தகவல் அறிக்கை போட்டே ஆக வேண்டும் என்றால் குற்றமற்றவர் கைதாகி, 21ஆம் உறுப்பு தரும் உரிமையை இழப்பார் என்பது மறுதரப்பின் வாதம், இது வா2. மத்தியப் புலனாய்வுத் துறையின் குற்றக் கையேட்டிலேயே முதற்கட்ட விசாரணைக்கு இடம் இருக்கிறது என்பது வா3. தகவலை முதலில் பொது நாட்குறிப்பில் எழுதினால் போதும் என்பது வா4.

இவை சிதறிக் கிடப்பவை. பதில்களும் சிதறித்தான் கிடக்கின்றன. வா1க்கு நீதிமன்றம் ஆம் என்கிறது. பிரிவு 41இல் ‘நியாயமான புகார்’, ‘நம்பத்தகுந்த தகவல்’ என்று அடைமொழி சேர்த்த சட்டமன்றம் 154இல் ‘தகவல்’ என்று மட்டும் சொல்லியிருக்கிறது என்பதைக் காரணமாகக் காட்டுகிறது. வா2க்கு, முதல் தகவல் அறிக்கையைப் பதிவதும் ஒருவரைக் கைது செய்வதும் வெவ்வேறு செயல்கள், கைதுக்குத் தனிப் பாதுகாப்புகள் சட்டத்தில் உள்ளன என்பது பதில். வா3க்கு, கையேடு சட்டமன்றம் இயற்றிய சட்டம் ஆகாது, ஆகவே அது நடைமுறைச் சட்டத்தை மீற முடியாது என்பது பதில். வா4க்கு, தகவல் முதல் தகவல் அறிக்கைப் புத்தகத்தில் ஏற வேண்டும், பொது நாட்குறிப்பில் அதன் சாரம் ஏறினால் போதும் என்பது பதில்.

எழுத உட்காரும்போது பக்கங்களைப் புரட்டி வட்டமிட்டதையும் வட்டமில்லாததையும் ஜோடி சேர்த்தால், ஜோடிக்கு ஒரு வாக்கியம் வீதம் நான்கு வாக்கியங்களில் வாதப் பகுதி முடிந்துவிடும். வழக்குரைஞர்களின் பெயர் ஒன்றும் வேண்டியதில்லை. வட்டம் கிடைக்காமல் ஓர் எண் தனியே நின்றால் இரண்டில் ஒன்று நடந்திருக்கிறது: நீங்கள் பதிலைத் தவறவிட்டிருக்கிறீர்கள், அல்லது நீதிமன்றம் அந்த வாதத்துக்குப் பதிலே சொல்லவில்லை. இரண்டாவது என்றால் சீனியருக்கு அதைவிடப் பயனுள்ள செய்தி வேறில்லை. அடுத்த வழக்கில் அந்த வாதத்தை மீண்டும் எழுப்ப முடியுமல்லவா?

பதிவறைக்காரர்

அம்மா சொன்ன முறையில் நடைமுறைச் சங்கடம் ஒன்று இருக்கிறது. நான் வழக்குரைஞர் அலுவலகத்தில் குமாஸ்தா; குறிப்பிட்ட தீர்ப்புகளை நகல் எடுப்பது என் வேலை. சீனியர்கள் வண்ணம் பூசிய தாளையே கொடுத்து இரண்டு நகல் எடுத்து வரச் சொல்வார்கள். கருப்பு வெள்ளை நகலில் மஞ்சள் பெரும்பாலும் தெரியாமலே போய்விடும். இளஞ்சிவப்பும் நீலமும் சாம்பல் பட்டையாக விழும். பூச்சு அழுத்தமாக இருந்தால் எழுத்தே மங்கிவிடும். நீங்கள் முடிவுக்கு இளஞ்சிவப்பு என்கிறீர்கள். எதிர்த்தரப்புக்கும் நீதிபதிக்கும் அதிகம் காட்ட வேண்டிய வரிகளே நகலில் கறுத்துப் போகும்.

இன்னொன்று. இன்க்ஜெட் பிரிண்டரில் எடுத்த தாளில் ஹைலைட்டர் பட்டால் மை இழுபடும். லேசர் பிரிண்டில் அந்தத் தொல்லை இல்லை. பென்சில் குறிகள் நகலில் விழ வேண்டுமானால் ‘எச்பி’யைவிடக் கருமையான ‘2பி’ நல்லது. சூட்டில் அழியும் மைப் பேனாக்களால் ஓரத்தில் எழுதாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் கட்டு கிடந்தால் எழுதியது காணாமல் போகும்.

தலைக்குறிப்புக்காரி

ஐயா சொல்வது முற்றிலும் சரி. நகல் எடுக்க வேண்டிய தாள் என்றால் முடிவுக்கு மஞ்சளும் காரணத்துக்கு இளஞ்சிவப்பும் என்று மாற்றிக்கொள்ளலாம். அல்லது, எழுத்தின் மேல் பூசாமல், வரிகளுக்கு வெளியே ஓரத்தில் மட்டும் வண்ணக் கீற்று இழுக்கலாம். எந்த வண்ணம் எதற்கு என்பதைவிட, எல்லாத் தீர்ப்புக்கும் ஒரே பொருளில் பயன்படுத்துவதுதான் தேவை. ஒவ்வொரு கட்டின் முதல் பக்கத்திலும் மேல் மூலையில் அதை எழுதிவைத்தால் மற்றவரும் வாசிக்க முடியும்.

நீலமும் மஞ்சளும்

எனக்குச் சிவப்பு-பச்சை வேறுபாடு சரியாகத் தெரியாது. என்னைப் போன்ற ஆண்கள் பலர் உண்டு. பச்சை ஹைலைட்டரும் மஞ்சள் ஹைலைட்டரும் குழல்விளக்கின் வெளிச்சத்தில் எனக்கு ஏறக்குறைய ஒன்றுதான். நான்கு வண்ணம் வைத்தால் ஒன்றையாவது நான் தவறாகத்தான் வாசிப்பேன். நீலம், மஞ்சள் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு இந்த முறையை நடத்த முடியுமா?

தலைக்குறிப்புக்காரி

முடியும், உங்கள் கேள்வியால் என் முறையே எளிமையாகிறது. கேள்வி என்பது ஒரு தீர்ப்பில் ஓரிரு இடங்களில்தான் வரும். லலிதா குமாரியில் அது முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது: பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றிய தகவல் கிடைத்ததும் காவல் அதிகாரி முதல் தகவல் அறிக்கையைப் பதிந்தே ஆக வேண்டுமா, அல்லது அதன் உண்மையைச் சோதிக்க முன்னதாக ஒரு முதற்கட்ட விசாரணை நடத்தலாமா? ஓரிரு இடங்களுக்காக ஒரு வண்ணத்தைச் செலவிட வேண்டாம். பென்சிலால் கட்டம் போட்டால் போதும். முடிவும் பெரும்பாலும் ஒரே இடத்தில் திரண்டிருப்பதால் அதற்கு இரட்டைக் கோடு போதும். மீதி நீலம் நடந்ததற்கு, மஞ்சள் நீதிமன்றத்தின் காரணத்துக்கு. வண்ணம் சிதறிக் கிடப்பவற்றைத் திரட்டத்தானே தேவை? திரண்டு கிடப்பதற்கு அது எதற்கு?

மதுரை ஜூனியர்

நேற்றிரவு இந்த முறையில் முழுத் தீர்ப்பையும் வாசித்தேன். இரண்டு இடங்களில் தடுமாறினேன். ஒன்று, பழைய தீர்ப்புகளின் மேற்கோள்கள். பஜன்லால் வழக்கிலிருந்து நீண்ட பகுதி வருகிறது. சிராஜுதீன் எதிர் சென்னை மாநிலம் வழக்கிலிருந்து, அரசு ஊழியர் மீதான ஊழல் புகாரில் முன்விசாரணை வேண்டும் என்று சொல்லும் பகுதியும் வருகிறது. இரண்டுக்கும் ‘மு’ கோடு போட்டேன். ஆனால் மேற்கோளையே நீதிமன்றம் தன் காரணமாக எடுத்துக்கொண்டால் மஞ்சள் பூச வேண்டுமா?

இரண்டாவது, எந்த அளவுக்குப் பூசுவது என்பது. ஒரு பத்தி முழுவதும் காரணமாகவே இருக்கிறது. முழுவதையும் பூசினால் பழைய கதைதான்.

தலைக்குறிப்புக்காரி

மேற்கோளுக்கு உள்ளே பூசாதீர்கள். மேற்கோள் முடிந்ததும் நீதிமன்றம் அதைப் பற்றி என்ன சொல்கிறது என்று பாருங்கள். ஏற்கிறோம் என்றோ, அது வேறு சூழலில் சொல்லப்பட்டது என்றோ ஒரு வாக்கியம் இருக்கும். அந்த வாக்கியத்துக்கு மஞ்சள். நீங்கள் சொன்ன இரண்டிலும் வேறுபாடு இதில்தான் தெரியும். பஜன்லாலை நீதிமன்றம் பின்பற்றுகிறது. சிராஜுதீனை ஊழல் வழக்கு என்ற தனிவகைக்குள் நிறுத்துகிறது. முடிவில் முதற்கட்ட விசாரணைக்கு இடமுள்ள வகைகளில் ஊழல் வழக்கும் சேர்ந்திருப்பது அதனால்தான். இரண்டு மேற்கோளுக்கும் ஒரேபோல் மஞ்சள் பூசியிருந்தால், ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரணங்கள் உங்கள் சுருக்கத்தில் அருகருகே உட்கார்ந்திருக்கும்.

அளவைப் பொறுத்தவரை, பத்தியை முடிக்கும் வரை ஹைலைட்டரைக் கையில் எடுக்காதீர்கள். பத்தி முடிந்ததும், அந்தப் பத்தியை ஒரே மூச்சில் சொல்ல எந்தச் சொற்கள் போதுமோ அவற்றை மட்டும் பூசுங்கள். வாக்கியமாகப் பூச வேண்டியதில்லை. ‘தகவல்... அடைமொழி இல்லை... 41இலிருந்து வேறுபடுகிறது’ என்ற அளவில் துண்டு துண்டாக இருக்கலாம். பூசிய சொற்களை மட்டும் தொடர்ந்து வாசித்தால் கொச்சையான ஒரு வாக்கியமாவது வர வேண்டும். வரவில்லை என்றால் இடம் மாறிப் பூசியிருக்கிறீர்கள். ஒரு பக்கத்தில் மூன்று நான்கு இடங்களுக்கு மேல் மஞ்சள் தெரிந்தால், பத்தி முடியும் முன்பே பேனாவை எடுத்துவிட்டீர்கள் என்று பொருள்.

சிவப்பு மை

பத்தி முடியும் வரை காத்திருப்பது சொல்ல எளிது. உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் ஒரே பத்தி இரண்டு பக்கம் ஓடுவதும் உண்டு. முடிவதற்குள் தொடக்கம் மறந்துபோகும். அந்த இடத்திலாவது கண் பட்டவுடன் பூசும் என் முறையை ஒப்புக்கொள்வீர்களா?

தலைக்குறிப்புக்காரி

அந்த இடத்தில் உங்கள் கவலை நியாயமானது. ஆனால் பூசுவதற்குப் பதில் வரிக்கு நேரே பென்சிலில் ஒரு புள்ளி வையுங்கள். பத்தி முடிந்ததும் புள்ளிகளை மட்டும் பார்த்து, தகுதியானதற்கு வண்ணம் கொடுத்து, மற்றதை விட்டுவிடலாம். புள்ளியை அழிக்கலாம், ஹைலைட்டரை அழிக்க முடியாது.

பதிவறைக்காரர்

பத்தி எண்ணைப் பற்றி ஒருவரும் பேசவில்லையே. நீதிமன்றத்தில் வாய்தகராறு வருவது அதில்தான். இணையத்தில் இறக்கிய இந்தத் தீர்ப்பின் படியில் முடிவுரை 111ஆம் பத்தியில் இருக்கிறது. எஸ்.சி.சி. தொகுப்பில் அதே பகுதி 120ஆம் பத்தி. ஜூனியர் ஒன்றைப் பார்த்து எண் எழுத, சீனியர் மற்றதைப் புரட்ட, நீதிபதி முன் இருவரும் பக்கத்தைத் தேடிக்கொண்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

மதுரை ஜூனியர்

நான் இறக்கிய படியில்தான் வாசித்தேன். முதல் பக்கத்தின் மூலையில் ‘இணையப் படி, முடிவு ப.111, எஸ்.சி.சி.யில் ப.120’ என்று எழுதிவிட்டேன். அம்மா சொன்னபடி எழுதிய சுருக்கத்தின் வரைவைத் தருகிறேன், குறைகளைச் சொல்லுங்கள்.

‘நடந்தது: கடத்தப்பட்ட சிறுமி லலிதா குமாரியின் தந்தை 11.5.2008 அன்று காவல் நிலையத்தில் எழுத்துப் புகார் கொடுத்தார். நடவடிக்கை இல்லை. காவல் கண்காணிப்பாளரை அணுகிய பின்பே முதல் தகவல் அறிக்கை பதிவானது. அதன் பின்னும் சிறுமியை மீட்க முயற்சி இல்லாததால் 32ஆம் உறுப்பின் கீழ் நீதிப்பேராணை மனு. கேள்வி: பதிவு கட்டாயமா, முன்னதாக விசாரிக்கலாமா? வாதமும் பதிலும்: (நான்கு ஜோடிகள்.) முடிவு: தகவல் பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றத்தைக் காட்டினால் பதிவு கட்டாயம். காட்டவில்லை, ஆனால் விசாரிக்கத் தேவை தெரிகிறது என்றால், அத்தகைய குற்றம் வெளிப்படுகிறதா என்று அறிய மட்டும் முதற்கட்ட விசாரணை. தகவல் உண்மையா என்று சோதிப்பது அதன் வேலை அன்று. குடும்பத் தகராறு, வணிகக் குற்றம், மருத்துவக் கவனக்குறைவு, ஊழல், மூன்று மாதங்களுக்கு மேல் விளக்கமின்றித் தாமதமான புகார் ஆகியவை எடுத்துக்காட்டான வகைகள். விசாரணை ஏழு நாள்களைத் தாண்டக் கூடாது.’

வாசித்து முடித்த பின் இதை எழுத அரை மணிக்குச் சற்றுக் கூடுதலாக ஆனது. தீர்ப்பைத் திருப்பி வாசிக்க வேண்டியிருக்கவில்லை. ஓரங்களை மட்டும் பார்த்தேன்.

தலைக்குறிப்புக்காரி

சுருக்கம் நன்றாக வந்திருக்கிறது. உண்மை சோதிப்பதற்கும் குற்றம் வெளிப்படுகிறதா என்று அறிவதற்கும் உள்ள வேறுபாட்டைப் பிடித்துவிட்டீர்கள். பலர் அதைத்தான் விட்டுவிடுவார்கள்.

ஆனால் கடைசி வரியைச் சீனியரிடம் அப்படியே கொடுக்காதீர்கள். ஏழு நாள் என்பது மூலத் தீர்ப்பில் உள்ளது. 2014 மார்ச் 5 அன்று பிறப்பித்த ஆணையில் நீதிமன்றம் அதை மாற்றி, பொதுவாகப் பதினைந்து நாள்கள் என்றும், தனிச்சூழலில் உரிய காரணங்களைப் பதிந்து ஆறு வாரங்கள் வரை என்றும் ஆக்கியது. நீங்கள் தாளில் இட்ட குறி எதுவும் இதைச் சொல்லியிருக்க முடியாது, ஏனென்றால் இது இந்தத் தாளிலேயே இல்லை. எனவே முடிவுரைப் பக்கத்தின் கீழ் ஓரத்தில் எப்போதும் ஒரு வெற்றுக் கட்டம் போட்டுவையுங்கள். பின்னர் வந்த ஆணை, திருத்தம், புதிய சட்டப் பிரிவு ஆகியவற்றைத் தேடிப் பார்த்து அதை நிரப்பிய பிறகுதான் சுருக்கத்தைத் தட்டச்சு செய்ய வேண்டும். 173ஆம் பிரிவையும் அதிலேயே எழுதிவிடுங்கள்.

நீலமும் மஞ்சளும்

ஒரு சந்தேகம். இந்தத் தீர்ப்பை ஐந்து நீதிபதிகளுக்காகத் தலைமை நீதிபதி சதாசிவம் ஒருவரே எழுதினார். ஆகவே ‘நீ’ என்ற ஓர் எழுத்து போதுமானதாக இருந்தது. தனியுரிமை உரிமை பற்றிய புட்டசாமி வழக்கில், 2017இல், ஒன்பது நீதிபதிகள் ஒரே முடிவுக்கு வந்தாலும் ஆறு தனித்தனித் தீர்ப்புரைகள் எழுதினார்கள். அங்கே மஞ்சள் பூசிய காரணம் யாருடையது, அது எத்தனை பேரின் ஒப்புதல் பெற்றது என்பதை எந்தக் குறி காட்டும்?

தலைக்குறிப்புக்காரி

இடது ஓரத்தில் ‘நீ’ என்பதற்குப் பதில் நீதிபதியின் பெயரின் முதலெழுத்தை எழுதுவேன். ஒப்புதல் கணக்கைத் தனித்தாளில் கட்டம் போட்டு வைப்பேன். எந்த வண்ணமும் அதைச் சொல்லாது.

சிவப்பு மை

தனித்தாள் என்று வந்துவிட்டால் ஓரக்குறியின் நோக்கமே போய்விடுகிறதே, அம்மா. ஒருவரோடு ஒருவர் உடன்படும் பத்திகளுக்கு ஒரு வண்ணமும், தனித்துச் சொல்லும் பத்திகளுக்கு வேறொரு வண்ணமும் என்று வைத்தால் தாளிலேயே தெரியும்.

தலைக்குறிப்புக்காரி

அதைச் செய்ய ஆறு தீர்ப்புரைகளையும் முழுவதும் வாசித்து முடித்திருக்க வேண்டும். அப்படியானால் அது முதல் வாசிப்பு ஆகாது. ஆனாலும் செய்து பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நான் அந்த அளவு பெரிய தீர்ப்பில் வண்ணத்தை வைத்து முயன்றதில்லை.

மதுரை ஜூனியர்

கட்டத்தை நிரப்பிச் சீனியரிடம் கொடுத்துவிட்டேன். வட்டமில்லாத வாதம் ஏதேனும் உண்டா என்றுதான் முதலில் கேட்டார். அடுத்ததாகப் புட்டசாமியின் ஒரு பகுதியையே கொடுத்திருக்கிறார். சிவப்பு மை அவர்கள் சொன்ன வண்ணத்தை ஒரு தீர்ப்புரையிலும், அம்மா சொன்ன தனித்தாளை இன்னொன்றிலும் வைத்துப் பார்த்துவிட்டு இங்கேயே எழுதுகிறேன்.